நான்காம் வருட வாடகை

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் மனைவி சொல்வாள். அது பொய்யில்லை. ஆனால் கோபத்தைவிடப் பெரிய வியாதி ஒன்று என்னிடம் உண்டு. எந்தத் தாள் கைக்கு வந்தாலும் கூட்டிப் பெருக்கிச் சரி பார்க்காமல் விடமாட்டேன். மின்சாரச் சீட்டைப் பார்ப்பேன், மருந்துக் கடைத் துண்டைப் பார்ப்பேன். கல்யாண வீட்டில் ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் பெரிய தட்டான சஹனில் சோறு பரிமாறினால், வந்தவர்களை எண்ணி, சஹனை எண்ணி, மிச்சம் எங்கே போனது என்று யோசிப்பேன். பிழை கண்டுபிடித்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு நன்றாக இறங்கும்.

இந்தப் பெருமையோடு திரிந்தவன்தான் ஒரு வாடகை ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டேன்.

நான் மட்டக்களப்புப் பக்கத்து ஏறாவூரான். காத்தான்குடிக்கு மாப்பிள்ளையாக வந்து, மனைவியின் வீட்டில் குடியேறி, தண்ணீர் பம்புகளுக்கு உதிரிப்பாகம் விற்கும் கடையொன்றைப் போட்டேன். முதலில் உள் ஒழுங்கையில், ஒரு சின்னச் சந்தில் இருந்தேன். அங்கே கடை இருப்பது எனக்கும் அடுத்த வீட்டுக் கோழிகளுக்கும் மட்டும்தான் தெரியும். மண்முனைப் பாலம் வழியாகக் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து விவசாயிகள் வருகிறார்கள், வயல் வட்டைக்குத் தண்ணீர் இறைக்கும் நேரத்தில் பம்பு நின்றுவிட்டால் ஓட்டமாக வருகிறார்கள், ஆனால் வந்தவர்கள் பிரதான வீதியில் முதலில் காணும் கடையோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு வீதியில் ஒரு கடை வேண்டும் என்று ஆறேழு மாதம் அலைந்தேன்.

கிடைத்த கடை ஒரு ராத்தாவுடையது. மூத்த சகோதரியை நாங்கள் ராத்தா என்போம். இவர் எனக்கு உறவில்லை. கணவர் இல்லாதவர், ஒரே மகள், அந்த ஒரு கடைதான் வருமானம். எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம். ராத்தாவின் வீட்டு வளவில் மகளுக்கான வீடு அத்திவாரத்தோடு நின்றது. கம்பிகள் மேலே நீட்டிக்கொண்டு துருப்பிடித்திருந்தன.

தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே பேசி முடித்தோம். மாத வாடகை முப்பதாயிரம். ஐந்து வருட ஒப்பந்தம். ஒவ்வொரு வருடமும் முந்தைய வருட வாடகையில் நூற்றுக்குப் பத்து வீதம் கூடும். நான் முற்பணமாக மூன்று லட்சத்து அறுபதாயிரம் கொடுக்க வேண்டும். அதை மாதம் பத்தாயிரமாக வாடகையில் கழித்துக்கொள்வோம். முப்பத்தாறு மாதத்தில், அதாவது மூன்று வருடத்தில், முற்பணம் தீர்ந்துவிடும். ஆகவே முதல் வருடம் நான் கையில் கொடுப்பது இருபதாயிரம்.

"அட்வான்ஸ் காசில செவரு எழும்பிரும் தம்பி," என்றார் ராத்தா. "மூணு வருசத்துக்குக் கையில வாறது கொஞ்சம்தான். நான் சமாளிப்பன். நாலாம் வருசம் முழு வாடகையும் வருமே, அதுல கூரையப் போட்டுருவன், இன்ஷா அல்லாஹ்."

"நல்ல யோசனை ராத்தா," என்றேன். உண்மையாகவே நல்ல யோசனைதான்.

இங்கே எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முற்பணத்தில் கழியும் காசை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. கையில் கொடுப்பதுதான் வாடகை. 'கடை என்ன வாடகை?' என்று யாராவது கேட்டால் நான் 'இருபது' என்பேன். ராத்தாவும் 'இருபது' என்பார். கடைக்காரரும் சொந்தக்காரரும் காலங்காலமாக இப்படித்தான் பேசி வருகிறார்கள், யாருக்கும் இதில் குழப்பம் வந்ததில்லை. ஒப்பந்தம் எழுதிப் பதியும் நொத்தாரிசிடம் விபரம் கொடுக்கப் போனபோதும் ராத்தா முழுக் கதையையும் சொல்லிவிட்டு, முடிவில், 'வாடகை இருபதாயிரம், வருசம் பத்து வீதம்' என்று சொல்லியிருக்கிறார்.

ஒரு திங்கட்கிழமை நொத்தாரிசின் அலுவலகத்தில் வரைவுப் பிரதியைத் தந்தார்கள். வியாழக்கிழமை கையெழுத்து. வாசித்துப் பார்த்துப் பிழை இருந்தால் சொல்லச் சொன்னார்கள். என்னிடம் இப்படிச் சொல்வது பூனையிடம் மீனைக் காட்டுவதைப் போன்றது.

கடையில் ஆள் இல்லாத மத்தியானம். மேசையில் தாளை விரித்து, பென்சிலையும் கணிப்பானையும் எடுத்தேன். முதலில் கடைசிப் பக்கத்து அட்டவணைக்குத்தான் போனேன். தலைப்பு, 'மாதாந்தம் செலுத்த வேண்டிய தொகை'. முதலாம் வருடம் இருபதாயிரம். இரண்டாம் வருடம் இருபத்திரண்டாயிரம். மூன்றாம் வருடம் இருபத்துநாலாயிரத்து இருநூறு. நான்காம் வருடம் இருபத்தாறாயிரத்து அறுநூற்று இருபது. ஐந்தாம் வருடம் இருபத்தொன்பதாயிரத்து இருநூற்று எண்பத்திரண்டு.

ஒவ்வொன்றையும் ஒன்று தசம் ஒன்றால் பெருக்கினேன். ரூபாய்க்கு ரூபாய் சரி. முதல் வருடத் தொகையிலேயே பத்து வீதத்தைப் போட்டு வருடம் இரண்டாயிரம் என்று ஏற்றிக்கொண்டு போகவில்லை, முந்தைய வருடத் தொகையில்தான் ஏற்றியிருந்தார்கள். தட்டச்சு செய்த பிள்ளை கெட்டிக்காரி என்று மெச்சிக்கொண்டேன். பிழை கிடைக்காதது கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

பிறகுதான் முன்பக்கத்தை வாசித்தேன். மூன்றாம் பிரிவில் வாடகை முப்பதாயிரம் என்றும், அதில் பத்தாயிரம் முற்பணத்தில் கழியும் என்றும், மீதி இருபதாயிரம் கையில் செலுத்தப்படும் என்றும் ஒழுங்காக எழுதியிருந்தது. நான்காம் பிரிவில், வாடகை ஒவ்வொரு வருடமும் முந்தைய வருட வாடகையின் மேல் பத்து வீதம் கூடும், 'கீழுள்ள அட்டவணையின்படி' என்று இருந்தது.

பென்சில் கையிலேயே நின்றது. பெருக்கல் சரி. பெருக்கத் தொடங்கிய இடம் பிழை.

பத்து வீதம் ஏற வேண்டியது முப்பதாயிரத்தின் மேல். இரண்டாம் வருடம் வாடகை முப்பத்துமூவாயிரம், அதில் பத்தைக் கழித்தால் கையில் இருபத்துமூவாயிரம். கழியும் பத்தாயிரம் கூடாது, கூடுவதெல்லாம் கைக்காசில்தான் விழும். மூன்றாம் வருடம் வாடகை முப்பத்தாறாயிரத்து முந்நூறு, கையில் இருபத்தாறாயிரத்து முந்நூறு. இதுவரை ஆயிரமும் இரண்டாயிரத்துச் சொச்சமும்தான் வித்தியாசம். ஆனால் நான்காம் வருடம் கழிக்க முற்பணமே இல்லை. முழு வாடகை முப்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதும் கையில் கொடுக்க வேண்டும். அட்டவணையோ இருபத்தாறாயிரத்து அறுநூற்று இருபதோடு நின்றது. ஐந்தாம் வருடம் நாற்பத்துமூவாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துமூன்று வர வேண்டிய இடத்தில் இருபத்தொன்பது சொச்சம்.

வித்தியாசத்தை மாதம் மாதமாகப் பெருக்கிக் கூட்டினேன். ஐந்து வருடத்தில் மூன்று லட்சத்து எழுபத்திரண்டாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு ரூபாய். ராத்தா என் முற்பணம் முழுவதையும் எனக்கே இனாமாகத் தந்து, மேலே பன்னிரண்டாயிரத்துச் சொச்சமும் போட்டுத் தருகிறார் என்று அர்த்தம். அதில் பெரும்பங்கு நான்காம், ஐந்தாம் வருடங்களில். அதாவது கூரை.

இதே பிழை எனக்கு எதிராக இருந்திருந்தால் அந்த மத்தியானமே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் நொத்தாரிசின் மேசையில் அடித்திருப்பேன். என் மனைவிக்கும், பக்கத்துக் கடைக்காரருக்கும், தேத்தண்ணீர்க் கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் செய்தி போயிருக்கும். அன்று நான் செய்தது இதுதான்: கணக்குப் போட்ட துண்டை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

சும்மா இருக்கத்தான் நினைத்தேன் என்று சொல்வதற்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன். செவ்வாய்க்கிழமை ஒரு நியாயம் தோன்றியது: வரைவு எழுதியது நானில்லை. புதன்கிழமை இன்னொரு நியாயம் வந்தது: ராத்தாவுக்கும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறார்கள், அவருக்கும் கண் இருக்கிறது. அன்று பின்னேரம் தச்சு வேலை செய்பவர் ஒருவரைக் கூப்பிட்டு, புதுக் கடையின் சுவரை அளந்து, கண்ணாடி அலுமாரி ஒன்றுக்கு விலை கேட்டேன். இரண்டு நாளைக்கு முன்னர் அந்த அலுமாரிக்கு என்னிடம் வழியில்லை.

மனைவியிடம் சொல்லவில்லை. அவளுடைய வீட்டுக்கு அவளுடைய உம்மா எப்படிக் கல் கல்லாகச் சேர்த்தார் என்பது எனக்குத் தெரியும். அந்த வீட்டில்தான் நான் படுத்து எழும்புகிறேன். அவளிடம் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பதும் தெரியும், அதனால்தான் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலையில் மட்டக்களப்பு நகரத்தில், வாவியைப் பார்த்த நொத்தாரிசின் மாடி அறையில் எல்லோரும் கூடினோம். ராத்தா முன்னரே வந்து உட்கார்ந்திருந்தார். நொத்தாரிசு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பிரிவு பிரிவாக வாசித்தார். கையெழுத்துக்கு முன்னர் வாசித்து விளக்குவது அவருடைய கடமை. ஆனால் நாளுக்கு எத்தனையோ உறுதிப் பத்திரம் வாசிக்கும் வாய் அது. மூன்றாம் பிரிவும் நான்காம் பிரிவும் அட்டவணையும் ஒரே மூச்சில் போய்விட்டன.

"ரெண்டு பேருக்கும் விளங்கிச்சா? ஏதும் திருத்தம் இருக்கா?"

"எனக்கு ஒண்டுமில்ல ஐயா," என்றார் ராத்தா. "நானும் ஃபோனில பெருக்கிப் பாத்தன். பத்து வீதம் சரியா வருது. தம்பியும் பாத்திருப்பாரு. அவரு பாத்தா ஒரு சதம் பிசகாது எண்டு ஊருல எல்லாரும் சொல்லுவாங்க."

அவரும் பெருக்கியிருக்கிறார். அவருக்கும் சரி வந்திருக்கிறது. என் திங்கட்கிழமை மத்தியானத்தின் முதல் பாதி அவருக்கும் நடந்திருக்கிறது, இரண்டாம் பாதி மட்டும் நடக்கவில்லை.

பேனாவைக் கையில் எடுத்தவர் நொத்தாரிசிடம் மெதுவாகக் கேட்டார். "நாலாம் வருசத்தில இந்தத் தொகையோட அந்தப் பத்தாயிரமும் சேந்து வரும்தானே ஐயா? அத நம்பித்தான் மகள்ட ஊட்டுக் கூரைக்கு ஆளுட்டச் சொல்லி வெச்சிருக்கன்."

நொத்தாரிசு தாளைப் பார்த்தார், ராத்தாவைப் பார்த்தார். கேள்வி அவருக்கு விளங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. "அட்டவணையில இருக்கிறதுதான் அம்மா வரும்," என்றார்.

ராத்தாவின் பேனா தாளுக்கு மேலே நின்றது.

"ஒரு நிமிசம்," என்றேன். "அட்டவணை பிழை."

ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். பத்து வீதம் முழு வாடகையில் ஏற வேண்டும், கைக்காசில் ஏற்றியிருக்கிறார்கள், நான்காம் வருடம் கழிவு இல்லை. நொத்தாரிசின் மேசையில் கிடந்த வெள்ளைத் தாளை இழுத்து மூன்று நிரல் போட்டேன். வாடகை, முற்பணத்தில் கழிவு, கையில் செலுத்துவது. ஐந்து வரியையும் கணிப்பான் இல்லாமலே எழுதினேன். மூன்று நாளாக மனத்தில் ஓடிக்கொண்டிருந்த எண்கள் அல்லவா.

நொத்தாரிசு இரண்டு தரம் பார்த்தார். "பிரிவு ஒண்டு சொல்லுது, அட்டவணை வேறொண்டு சொல்லுது. இப்பிடியே பதிஞ்சிருந்தா நாளைக்கு ரெண்டு பேரும் கோட்டில வழக்காடிட்டு நிப்பீங்க," என்றார். முத்திரைத் தீர்வையும் மொத்த வாடகையை வைத்துத்தான், அதையும் திரும்பக் கணக்கிட வேண்டும் என்று சொல்லித் தட்டச்சுப் பிள்ளையைக் கூப்பிட்டார்.

ராத்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"எப்ப தம்பி கண்டீங்க இத?"

கேட்டதில் எந்தச் சந்தேகமும் இல்லை. வெறும் ஆச்சரியம்தான்.

"இப்பதான் ராத்தா. ஐயா வாசிக்கக்குள்ள பட்டெண்டு தட்டிச்சு."

சட்டைப்பையில் மடித்த துண்டு இருந்தது.

"பாத்தீங்களா ஐயா," என்று அவர் நொத்தாரிசிடம் திரும்பினார். "வாய மூடிட்டு இருந்திருந்தா அவருக்குத்தான் லாபம். கண்ட கையோட சொல்லிட்டாரு. இப்பிடி ஒரு ஆளிட்ட நான் என்னத்துக்கு அஞ்சாம் வருசமும் கூட்டணும்? நாலாம் வருசத்து வாடகையே அஞ்சுக்கும் இருக்கட்டும். அப்பிடியே எழுதுங்க."

"வேணாம் ராத்தா," என்றேன்.

"நீங்க பேசாம இரிங்க. கடை என்ட."

நான் பேசாமல் இருந்தேன். எனக்குப் பேசாமல் இருப்பது வராது என்று சொல்பவர்கள் அன்று என்னைப் பார்த்திருக்க வேண்டும். நான்காம் பிரிவைத் திருத்தினார்கள். இரண்டாம், மூன்றாம், நான்காம் வருடங்களுக்கு மட்டும் பத்து வீதம். ஐந்தாம் வருடத்துக்கும் முப்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது. கையெழுத்து வைத்தோம்.

கணக்கைச் சரி பார்க்கும் வியாதி என்னைச் சும்மா விடவில்லை. வீடு திரும்பும் வழியிலேயே அந்தச் சலுகையின் பெறுமதியைப் போட்டுப் பார்த்துவிட்டேன். மாதம் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்று, வருடத்துக்கு நாற்பத்தேழாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறு. ஒரு பொய்க்கு அது நல்ல விலை.

கடை நன்றாகவே ஓடியது. ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் காசை உறையில் போட்டு ராத்தாவின் வீட்டுக்கு எடுத்துப் போவேன். அவர் வாங்கி, எண்ணாமல், அலுமாரி இழுப்பறையில் வைப்பார். 'எண்ணிப் பாருங்க ராத்தா' என்று நான் சொன்னால், 'நீங்க எண்ணினதுதானே' என்பார். நான்கு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் என் முன்னால் உறையைத் திறந்ததில்லை.

நான்காம் வருடம் முழு வாடகை கொடுக்கத் தொடங்கியபோது என் கையைக் கடித்தது. ஆனால் ராத்தாவின் வளவில் மரம் வந்து இறங்கியது, ஓடு வந்து இறங்கியது. மகளுடைய வீட்டுக்குக் குடிபோன அன்று எனக்கும் மனைவிக்கும் அழைப்பு. மகளின் மாப்பிள்ளை வீட்டார் ஒரே சஹனில் என்னோடு உட்கார்ந்தார்கள். ராத்தா வாசலில் நின்று அவர்களுக்குச் சொன்னார். "இந்தக் கூரை இவரால வந்தது. அட்டவணையில பிழை எண்டு கண்ட கையோட சொன்ன மனிசன்."

அவர்கள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். இறைச்சித் துண்டை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. திரும்பி வரும்போது மனைவி, 'என்ன, சாப்பாட்டில பிழையா?' என்று கேட்டாள். அவளிடம் அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. 'இத என்ட காதில போட்டு என்ன செய்ய? அவங்களிட்டப் போய்ச் சொல்லுங்க,' என்றாள்.

போக எனக்குச் சில மாதங்கள் எடுத்தன. ஐந்தாம் வருடம் தொடங்கியபோது போனேன். உறையில் நாற்பத்துமூவாயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துமூன்று ரூபாய் வைத்திருந்தேன். பழைய பேச்சின்படி பத்து வீதம் ஏறியிருந்தால் வர வேண்டிய தொகை.

ராத்தா மகளுடைய வீட்டு முன்னறையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உறையை நீட்டினேன். அவர் வழக்கம்போல் வாங்கி, திறக்காமல் பக்கத்தில் வைத்தார்.

"ராத்தா, ஒரு விசயம். அண்டைக்கு நொத்தாரிசு வாசிக்கக்குள்ளதான் கண்டன் எண்டு சொன்னது பொய். திங்கக்கிழமையே கண்டுட்டன். மூணு நாளா வாய மூடிட்டுத்தான் இருந்த நான். நீங்க கூரையப் பத்திக் கேட்டிருக்காட்டி சொல்லியிருக்கவும் மாட்டன். அதான் கூட்டின காசாக் கொண்டு வந்திருக்கன்."

அவர் வெங்காயத்தைக் கீழே வைத்தார். கையை முந்தானையில் துடைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நானும் அழுதுவிட்டு எழும்பியிருப்பேன். இல்லாவிட்டால், 'அதுக்கென்ன, கடைசில சொன்னீங்கதானே' என்பார் என்றும் மனத்தின் ஒரு மூலையில் ஆசை இருந்தது.

இரண்டும் நடக்கவில்லை. உறையை எடுத்தார். திறந்தார். நோட்டுகளை மடியில் வைத்து, விரலை நனைத்து, ஒவ்வொன்றாக எண்ணினார். முடிந்ததும் முப்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, மிச்சம் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்றை என்னிடம் நீட்டினார். சில்லறையையும் சேர்த்து.

"ஒப்பந்தத்தில இல்லாத காசு எனக்கு வேணாம் தம்பி. நான் குடுத்தத நான் திருப்பி வாங்கவும் மாட்டன்."

அவ்வளவுதான். தேத்தண்ணீர் போடச் சொன்னார், குடித்தேன், வந்தேன். குரலில் கோபம் இருக்கவில்லை. இன்றைக்கும் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார், வீட்டில் நல்லது கெட்டது என்றால் ஆள் அனுப்புகிறார். ஐந்து வருடம் முடிந்தால் அடுத்த ஒப்பந்தமும் எனக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார்.

ஆனால் மாதத்தின் முதல் வாரத்தில் நான் உறையை நீட்டினால், அதை இப்போது என் முன்னாலேயே திறக்கிறார். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த மாதமும் எண்ணினார். சரியாக இருந்தது.